தொட்டில் ஆடும் அறைக்கு என்ன நிறம்?

பிறக்கப்போகிற குழந்தைக்காக அறையைத் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட் கடை ஷேடு கார்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தரை என்ன நிறம், கதவு என்ன மரம், ஜன்னல் எந்தத் திசை, ராத்திரி போடுகிற விளக்கு எது என்பதெல்லாம் பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தரையை யாரும் குழந்தைக்காக மாற்றப்போவதில்லை. மாறாதவற்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டால், சுவருக்குப் பொருந்தக்கூடிய நிறங்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள் வந்துவிடும்.

சமீபத்தில் முடித்த ஓர் அறையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் என் தங்கை வீட்டுப் பின்னறை அது. அவள் மகள் சென்னையிலிருந்து ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வரப்போகிறாள். அறை பத்தடிக்குப் பதினோரு அடி, உயரம் பத்தடி. சிவப்பு ரெட் ஆக்ஸைடு தரை. தேக்குக் கதவு. மேற்கே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே வேப்பமரம். வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டில், கூரையின் தென்கிழக்கில் தூளி கட்டும் கொக்கி, அதே வீட்டில் இரண்டு தலைமுறை ஆடிய கொக்கி. சுவர்களில் மங்கிப்போன நீல டிஸ்டெம்பர்.

நம் நாட்டில் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம். அதனால் பிங்க்கா நீலமா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. எழுந்த தகராறு வேறு. மகள் செல்போனில் அனுப்பிய படங்கள் எல்லாமே வெள்ளை, வெளிர் சாம்பல், ஓட்ஸ் நிறம். தங்கைக்கு அது பிடிக்கவில்லை. “ஆஸ்பத்திரி மாதிரில இருக்கு. மங்களகரமா சந்தன மஞ்சள் அடிச்சிருவோம்க்கா” என்றாள். மகளுக்கு மஞ்சள் கண்ணைக் குத்தியது. மென்மையாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி, களையாக இருக்க வேண்டும் என்று இன்னொருத்தி. இரண்டுமே நியாயம்தான். இரண்டும் ஒரே அறையில் கிடைக்கும்.

முதலில், அந்த அறையில் குழந்தை எதைப் பார்க்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. பிறந்த குழந்தையின் பார்வை இருபது, முப்பது சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓரளவு நிலைகொள்கிறது. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. எட்டடி தள்ளி இருக்கிற சுவர் அதற்கு மங்கலான ஒரு வெளிச்சப் பரப்பு, அவ்வளவுதான். நிறத்தைப் பிரித்தறியும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. பெரிய பரப்பில் இருக்கிற அழுத்தமான சிவப்பு முதல் நாட்களிலேயே ஓரளவு தெரியும். வெளிர் ரோஜாவும் வெளிர் பச்சையும் வெளிர் நீலமும் அதற்கு ஒன்றுதான். மூன்று, நான்கு மாதம் ஆகும்போதுதான் நாம் பார்ப்பதற்கு நெருக்கமாக நிறங்கள் பிரிகின்றன. அதுவரை அதன் கண்ணை இழுப்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு. மல்லாந்து கிடக்கும் குழந்தை வெள்ளைக் கூரையில் சுற்றுகிற பழுப்பு நிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். வெளிர் பின்னணி, கருத்த உருவம், அதோடு அசைவு. அதற்கு வேண்டிய மூன்றும் அங்கே இருக்கின்றன.

ஆகவே சுவரின் நிறம் முதல் மூன்று மாதத்துக்குப் பெரியவர்களுக்கானது. தூக்கம் கெட்டு, உடம்பு வலித்து, பகலெல்லாம் அந்த நான்கு சுவருக்குள் இருக்கப்போகிற தாய்க்கானது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சுவரின் நிறம் குழந்தையைத் தொடுகிறது, அதுவும் உண்மையிலேயே அதன் தோலைத் தொடுகிறது. அதை யாரும் கடையில் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நிறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் காமாலை தெரியும். பெரும்பாலும் அது தானாக வடிந்துவிடும். சிலருக்கு ஏறிக்கொண்டே போய் ஆபத்தாகும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அதை முதலில் கவனிப்பது தாயும் பாட்டியும்தான், அதுவும் வெறும் கண்ணால். நெற்றியையோ மூக்கையோ விரலால் லேசாக அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மாநிறமும் கருப்புமான நம் குழந்தைகளுக்குத் தோலில் கண்டுபிடிப்பது சிரமம். கண்ணின் வெண்பகுதியையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

இப்போது சந்தன மஞ்சள் அடித்த ஓர் அறையை நினைத்துப் பாருங்கள். மேற்கு வெயில் ஜன்னல் வழியே வந்து எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கிருந்து திரும்புகிற வெளிச்சம் மஞ்சளாகத் திரும்புகிறது. அது அடுத்த சுவரில் பட்டு இன்னும் கொஞ்சம் மஞ்சளாகிறது. கடைசியில் தொட்டிலில் விழுவது அந்த வெளிச்சம். காமாலை இல்லாத குழந்தையும் அங்கே மஞ்சளாகத் தெரியும். அதைவிட மோசம், சில நாளில் கண் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடும், உண்மையாகவே மஞ்சள் ஏறும்போது வித்தியாசம் தெரியாமல் போகும். அழுத்தமான நீலமும் பச்சையும் வேறு வகையில் ஏமாற்றும். உதட்டு நிறத்தையும் தோல் நிறத்தையும் அவை மாற்றிக் காட்டும். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை வடிவமைப்பவர்கள் விளக்கும் சுற்றுப்புறமும் தோலின் நிறத்தைப் பொய்யாகக் காட்டக்கூடாது என்பதில் கவனமாக இருப்பது இதனால்தான்.

தங்கையிடம் இதைச் சொன்னதும் சந்தன மஞ்சளை அவளே விட்டுவிட்டாள். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வெள்ளைக் காகிதம் ஒன்றைத் தொட்டில் வரப்போகிற இடத்தில், குழந்தை கிடக்கும் உயரத்தில் பிடியுங்கள். காலை பத்து மணிக்கு ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை. அதேபோன்ற இன்னொரு காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உடனே வந்து இதைப் பாருங்கள். காகிதத்தில் மஞ்சளோ பச்சையோ ஏறியிருந்தால் குழந்தையின் முகத்திலும் அதே அளவு ஏறும். எந்த நிறச் சுவரானாலும் காமாலையைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்திலோ திண்ணையிலோ வைத்துப் பார்ப்பதே சரி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் வயிறு தாண்டிக் காலுக்கு இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சுணங்கித் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண்ணை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். ரத்தப் பரிசோதனைதான் அளவைச் சொல்லும்.

தூளியையும் மறந்துவிடக்கூடாது. சேலைத் தூளிக்குள் கிடக்கிற குழந்தைக்குச் சுவர், கூரை எதுவும் கிடையாது. சேலைதான் அதன் அறை. அடர்மஞ்சள் சுங்குடிச் சேலைக்குள் வருகிற வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு வெள்ளையோ வெளிர் நிறமோ உள்ள பழைய பருத்திச் சேலை போதும். பாட்டியின் சுங்குடி அப்புறம் வரட்டும், அதன் புள்ளிகள் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கின்றன.

இனி மென்மைக்கும் மந்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மென்மையாக வேண்டும் என்றால் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு அழுத்தம் என்பவை தனித்தனி. வெளுத்த நிறம்கூடக் கண்ணை உறுத்தும். நியான் சாயல் உள்ள இளமஞ்சளும் பெப்பர்மின்ட் பச்சையும் அப்படிப்பட்டவை. ஓரளவு ஆழமான நிறம்கூட அமைதியாக இருக்கும், அதன் வீரியம் குறைந்திருந்தால். அந்த வீரியத்தை எதைப் போட்டுக் குறைக்கிறார்கள் என்பதில்தான் அறையின் களை இருக்கிறது.

கடையில் டின்டிங் மெஷின் வேலை செய்வதைக் கிட்டே நின்று பாருங்கள். வெள்ளை பேஸ் டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாக நிறமிகள் விழும். எவ்வளவு என்ன விழுகிறது என்று திரையில் தெரியும், டப்பா மேல் ஒட்டுகிற சீட்டிலும் பல கடைகளில் அச்சாகும். பச்சைக்குள் கருப்பு மட்டும் விழுந்து வீரியம் குறைந்திருந்தால், அந்த நிறம் ராத்திரி வெள்ளை டியூப்லைட்டில் சாம்பல் பூத்துப்போகும். அதே பச்சைக்குள் மஞ்சள் ஆக்ஸைடோ சிவப்பு ஆக்ஸைடோ கொஞ்சம் விழுந்திருந்தால் நிறம் அடங்கும், ஆனால் சாகாது. மண்ணிலிருந்து வருகிற அந்தக் காவி நிறங்களுக்கு மற்ற நிறங்களைத் தணிக்கிற குணம் உண்டு. சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைக்காரர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

மகள் அனுப்பிய சாம்பல் அறைகள் படத்தில் அழகாக இருந்ததற்கும் மதுரையில் மந்தமாகப் போகும் என்று எனக்குப் பட்டதற்கும் காரணம் விளக்குதான். அந்தப் படங்கள் பெரும்பாலும் இளமஞ்சள் விளக்குகளும் மரத் தரையும் உள்ள வீடுகளில் எடுத்தவை. நம் வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. டியூப் எரிகிறது. அது நீலம் கூடிய வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வெளிர் சாம்பல் சுவர் உயிரில்லாமல் தெரியும், முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர்களும் சோர்ந்து தெரிவார்கள். பிரசவித்த பெண்ணைச் சுற்றி அப்படி ஓர் அறை வேண்டாம். டியூப்பை மாற்றி 4000 கெல்வின் விளக்கு போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. 90 கிடைத்தால் நல்லது, 80-க்குக் கீழே குழந்தை அறையில் வேண்டாம்.

ஒரு நிறம் மந்தமாகத் தெரிவதற்கு அந்த நிறமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்று இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸின் கோபலன் நெசவாலையில் 1824 முதல் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். அங்கே கருப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. ஷெவ்ரல் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கருப்பு நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால்தான் மங்கித் தெரிந்தது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பதை அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். எதிரெதிர் நிறங்களான சிவப்பும் பச்சையும் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பது அதில் ஒரு முக்கியமான விஷயம்.

தங்கை வீட்டுப் பின்னறையில் நமக்குத் தேவைப்பட்டதும் இதுதான். சிவப்புத் தரை ஏற்கெனவே இருக்கிறது, நூற்றுப் பத்து சதுர அடி. அதன் மேல் பச்சை வைத்தால், பச்சை எவ்வளவு தணிந்ததாக இருந்தாலும் தரை அதை உயிர்ப்பித்துவிடும். சுவரில் வீரியமான நிறம் தேவையில்லை. அதே தரை மேல் வெளிர் ரோஜா அடித்திருந்தால் தரைச் சிவப்பும் சேர்ந்து எதிரொலித்துச் சுவரின் கீழ்ப்பாதி இறால் நிறத்துக்குப் போயிருக்கும். வெறும் சாம்பல் அடித்திருந்தாலோ, சிவப்புக்குப் பக்கத்தில் அது பச்சையடித்த அழுக்குச் சாம்பலாகத் தெரிந்திருக்கும்.

அளவுப் பங்கீட்டுக்கு நம்மிடம் நல்ல மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரம் சேலையை உற்றுப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை இன்னொன்று, கரைக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய ஜரிகைக் கோடு. உடலும் கரையும் ஒரே அளவு இருந்தால் சேலை சண்டை போடும், ஜரிகை இல்லாவிட்டால் சோர்ந்துவிடும். அறையிலும் பெரும்பகுதி ஒரு நிறம், அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னொன்று, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அழுத்தமான ஒன்று.

மூன்று சுவருக்கு மஞ்சள் சாயாத பால்வெள்ளை முடிவாயிற்று. சுத்த வெள்ளை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நல்ல ஷேடு கார்டுகளின் பின்புறத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். சுவரில் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்புகிறது என்று அது சொல்லும். சுத்த வெள்ளைக்கு 85-க்கு மேல். மேற்கு வெயில் அடிக்கிற மதுரை அறையில் மாலை நான்கு மணிக்கு அந்தக் கிழக்குச் சுவரைப் பார்க்க முடியாது, கண் கூசும். 70-லிருந்து 75 வரை உள்ளது நம் வெயிலுக்குப் போதும். வெளிச்சம் குறைந்த அபார்ட்மென்ட் அறையென்றால் 80 வரை போகலாம்.

வடக்குச் சுவருக்கு, கட்டில் தலைமாட்டில், மஞ்சள் ஆக்ஸைடு கலந்து தணித்த சாம்பல் பச்சை. கடைக்காரர்கள் சேஜ் க்ரீன் என்பார்கள். எல்.ஆர்.வி. 55-ஐ ஒட்டி. அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேற்கு ஜன்னல் வெயில் அதன் மேல் நேராக விழாது, சாய்வாக உரசிப் போகும். தூளிக் கொக்கியும் எதிர் மூலையில் இருக்கிறது. வெயில் நேராக விழுகிற கிழக்குச் சுவரில் பச்சை அடித்திருந்தால் தூளிக்குள் பச்சை வெளிச்சம் போயிருக்கும். நிறம் வேண்டும் என்றால் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாத சுவரில் வையுங்கள்.

மூன்றாவது, அழுத்தமான நிறம். அது தங்கையின் பங்கு. மங்களகரம் வேண்டும் என்றவள் அரக்கு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஜன்னல் திரையின் அடிக்கரையாக ஒரு சாண் அகலம், மடித்து வைக்கிற போர்வை ஒன்று, சுவர் அலமாரியின் உட்புறம். அவ்வளவுதான். தேக்குக் கதவும் கூரையில் பழுப்பு மின்விசிறியும் சேர்ந்து அறைக்கு வேண்டிய இருட்டைக் கொடுத்துவிட்டன. வெள்ளை மின்விசிறி புதிதாக வாங்கலாம் என்று மாப்பிள்ளை சொன்னபோது நாங்கள் எல்லோரும் சேர்ந்து தடுத்தோம்.

அடிப்பதற்கு முன் மாதிரி பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பழைய நீலச் சுவரிலேயே ஒரு கை அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்தால் ஷெவ்ரல் சொன்னதுதான் நடக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் எந்த வெள்ளையும் மஞ்சளாகவே தெரியும். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் நான்கு விரல் வெள்ளை விட்டு, காய்ந்த பிறகு அறைக்குள் எடுத்துக்கொண்டு நடந்தோம். தரையை ஒட்டி வைத்து, ஜன்னலுக்கு எதிரே வைத்து, மூலையில் வைத்து. ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பக்கூடாது. எமல்ஷன் காய்ந்ததும் பெரும்பாலும் ஒரு படி ஆழமாகும்.

எங்கள் பெயின்டர் முப்பது வருட அனுபவசாலி. பச்சை அட்டையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “அம்மா, அட்டையில பிடிச்சிருந்தா அதுக்கு ஒரு ஷேடு கம்மியா எடுங்க. நாலு சுவரும் சேந்து நிறத்தத் தூக்கும்.” நான்கு சுவருக்கும் ஒரே நிறம் என்றால் அவர் சொல்வது முழுக்கச் சரி. சுவர்கள் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் நிறம் ஏறும். ஒரு சுவர் மட்டும் என்பதால் அட்டையில் பார்த்த பச்சையையே வைத்துக்கொண்டோம். பால்வெள்ளையில்தான் அவர் பேச்சைக் கேட்டு ஒரு படி கீழே இறங்கினோம்.

மந்தமாகிவிட்டதா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. அறையைச் செல்போனில் படம் எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாக வந்தால் அறை மந்தம். நல்ல வெளிச்சப் பகுதி, நடுத்தரம், ஓரிரு கருத்த இடம் என்று மூன்றும் பிரிந்து தெரிந்தால் போதும். மந்தம் என்று தெரிந்தால் மறுபடி பெயின்ட் அடிக்க ஓட வேண்டியதில்லை. ஒரு கருத்த மரச் சாமானையோ அடர் நிறத் துணியையோ உள்ளே கொண்டுவந்து இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று ஜன்னல் கம்பியில் இருந்தது. பழைய மஞ்சள் எனாமல், பல இடங்களில் செதில் செதிலாக உரிந்து. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமல்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சையில், ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பளிச்சென்ற நிறத்தைக் கொடுத்ததே ஈயச் சேர்மம்தான். உப்புத்தாளால் வறட்டுத் தேய் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசு அறை முழுக்கப் பரவும். தரையில் தங்கும். ஆறு மாதத்தில் தவழ்கிற குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

பெயின்டர் உப்புத்தாளை எடுத்தபோது நிறுத்தச் சொன்னோம். உரிந்திருந்த செதில்களைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டி, கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாளில் சேகரித்துக் கட்டிப் போட்டார்கள். நன்றாக ஒட்டியிருந்த பகுதியைத் தொடவே இல்லை. அதன் மேல் ப்ரைமர், அதன் மேல் ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிற புது எனாமல், தேக்குக் கதவோடு சேர்கிற காப்பிப் பொடி நிறம். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார்கள். இந்த வேலை நடக்கும்போது கர்ப்பிணி அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது. வளைகாப்புக்கு முன்பே முடித்ததால் எங்களுக்கு அது இயல்பாக அமைந்தது.

சுவருக்குத் தண்ணீரில் கரைகிற எமல்ஷனில் வாடை குறைந்த வகை, அதாவது வி.ஓ.சி. குறைவு என்று போட்டிருப்பது, வாங்கினோம். கதவும் ஜன்னலும் கழித்தால் நான்கு சுவரும் சேர்ந்து சுமார் 375 சதுர அடி. ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்குச் சுமார் 130 சதுர அடி வரும். பச்சைச் சுவர் பதினோரடிக்குப் பத்தடி, ஒரு லிட்டர் போதும். பால்வெள்ளை இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் என்பதால் நான்கு லிட்டர் டப்பாவாக வாங்கி, மிஞ்சியதை இறுக மூடி வைத்திருக்கிறார்கள். மறுபடி கலக்கினால் அதே நிறம் அப்படியே வருவது அரிது. பூசிய பிறகு ஜன்னலைத் திறந்து ஒரு மாதம் ஆற விட்டோம். வாடை போய்விட்டதா என்று மூக்கால் பார்ப்பதைவிட நாட்களை நம்புவது மேல்.

ராத்திரி விளக்கில் இன்னொரு திருத்தம் செய்தோம். அந்த அறையில் ரொம்ப காலமாக நீல ஜீரோ வாட்ஸ் பல்புதான். நீல வெளிச்சம் தூக்கத்தைக் கலைக்கிற வகை. அதோடு அந்த வெளிச்சத்தில் பார்த்தால் நல்ல குழந்தையின் உதடும் நீலம் பாரித்துத் தெரியும், தாய் பதறிப்போவாள். அதை எடுத்துவிட்டு மங்கலான இளஞ்செம்மஞ்சள் பல்பு மாட்டினோம். அதில் பச்சைச் சுவர் பழுப்பாகிவிடும், நிறம் எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பால் கொடுக்கவும் துணி மாற்றவும் அந்த வெளிச்சம் போதும். ஆனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற இடத்தில் 4000 கெல்வின் விளக்கின் சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். நடுராத்திரியில் குழந்தையின் நிறத்தில் சந்தேகம் வந்தால் எழுந்து தேடிப் போகக்கூடாது.

குழந்தை பிறந்து வந்த முதல் வாரங்களில் அறையில் அதன் கண்ணுக்காக நாங்கள் வைத்தது ஒன்றே ஒன்றுதான். துணி மாற்றுகிற மேடையின் பக்கவாட்டில், குழந்தையின் முகத்திலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், வெள்ளை அட்டையில் பட்டையான கருப்புக் கோடுகளும் வட்டங்களும். பொங்கலுக்குக் கோலம் போடுகிற தங்கையே வரைந்தாள். சிக்குக் கோலம் போட்டிருந்தாள், அதன் கோடுகள் மெல்லியவை, முதல் மாதக் கண்ணுக்குப் பிரியாது. ஒரு விரல் அகலக் கோட்டில் நாலே நாலு புள்ளிக் கோலமாக மாற்றி வரைந்து கொடுத்தாள்.

நான்காம் மாதம் தொடங்கும்போது அந்த அட்டையை எடுத்துவிட்டு நிறமுள்ள துணிகளைக் கொண்டுவரலாம். அப்போது சுங்குடியும் வரலாம், மஞ்சளும் வரலாம், தங்கை ஆசைப்பட்டதெல்லாம் வரலாம். சுவர் அப்படியே இருக்கட்டும். ஷேடு எண்ணையும் வாங்கிய தேதியையும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம். கிரேயான் கோடுகள் சுவரில் ஏறத் தொடங்கும் வயதில் அது வேண்டியிருக்கும்.